மொழிபெயர்ப்பு நூல் ஒன்றை வெளியிட எவ்வளவு பணம் வேண்டும், அது எப்போது திரும்பி வரும்?

ஆண்டுக்கு நான்கைந்து நூல்கள் வெளியிடும் சிறிய பதிப்பகம் ஒன்று முதன்முறையாக வேற்றுமொழி நாவல் ஒன்றைத் தமிழில் கொண்டுவர முடிவு செய்யும்போது, வழக்கமான நூல்களுக்குப் போடும் கணக்கையே இதற்கும் போட்டுவிடுகிறது. நேரடித் தமிழ் நூலில் அச்சுச் செலவுதான் பெரியது என்பதால் படி ஒன்றுக்கு எவ்வளவு என்று அச்சகத்தில் கேட்டு, அதைப் போல் நான்கு மடங்கு விலை வைத்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். மொழிபெயர்ப்பு நூலில் தாள் வாங்குவதற்கு முன்பே கையிலிருந்து போகும் பணம், அச்சுச் செலவைவிட அதிகம். எங்கள் பதிப்பகம் இந்தக் கணக்கைத் தட்டுத் தடுமாறித்தான் கற்றது. இனி தொடங்குகிறவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பதற்காக, ஒரு நூலை எடுத்துக்கொண்டு படிப்படியாக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டு நூல் ஒரு மலையாள நாவல். தமிழில் டெமி 1/8 அளவில் 256 பக்கம் வரும், சாதா அட்டை, முதல் அச்சு 500 படிகள். இதில் வரும் தொகைகள் கணக்கின் வழியைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் அச்சகமும் உங்கள் மொழிபெயர்ப்பாளரும் சொல்லும் தொகைகளை அவற்றின் இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. உரிமையை எழுத்தில் பெறுங்கள். அதற்கு முன் மொழிபெயர்ப்பைத் தொடங்காதீர்கள்

முதல் வேலை, மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்று அறிவது. நூலாசிரியர் உயிரோடிருந்தால் அவரிடமே இருக்கலாம். மூலப் பதிப்பகத்துக்கு அவர் எழுதிக் கொடுத்திருக்கவும் கூடும். மறைந்தவரானால் வாரிசுகளிடம் இருக்கும். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு என்பதால், 1965ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ மறைந்தவர்களின் படைப்புகளுக்கு 2026இல் அனுமதி தேவையில்லை. ஆனால் மூலத்திலிருந்து அல்லாமல் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழாக்குகிறீர்கள் என்றால், அந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனிப் பதிப்புரிமை இருக்கிறது. அதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

"தாராளமாகப் போடுங்கள்" என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி மொழிபெயர்ப்பாளரை வேலையில் இறக்குவதுதான் இதில் நிகழும் பெரிய விபத்து. பாதி வேலை முடிந்த பிறகு, உரிமை வேறொருவருக்குப் போய்விட்டதாகத் தெரிய வந்தால், மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்த பணமும் அவருடைய உழைப்பும் வீணாகும்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைக் கவனமாகப் படியுங்கள். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றே பொருள். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் விற்கும் எண்ணமிருந்தால் அந்த உரிமையை எழுத்தில் பெற வேண்டும். மூன்றாவது, பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதபோது, அது காலாவதியாகிவிடும். மொழிபெயர்ப்பு ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், நூலை வெளியிட 24 மாத அவகாசம் என்று வெளிப்படையாக எழுதிக்கொள்ளுங்கள்.

இவற்றோடு இன்னொன்று: "முதல் பதிப்புக்கு மட்டும்" என்றோ "500 படிகளுக்கு" என்றோ உரிமை தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். இந்த நூலின் பணம் இரண்டாம் அச்சில்தான் திரும்பி வரும் என்பதைக் கீழே கணக்கில் பார்க்கப் போகிறோம். மறு அச்சுகளையும் உள்ளடக்கி, நூல் வெளிவந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்காவது உரிமை இருக்க வேண்டும்.

2. ராயல்டியை எதன்மேல் கணக்கிடுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

"8 சதவீத ராயல்டி" என்று மட்டும் எழுதினால் தகராறு வரும். அட்டையில் அச்சிட்ட விலையில் 8 சதவீதமா, கடைக்கழிவு போகக் கைக்கு வந்த தொகையில் 8 சதவீதமா? அச்சிட்ட படிகளுக்கா, விற்ற படிகளுக்கா? 350 ரூபாய் நூலில் முன்னது 28 ரூபாய்; கடைக்கு 35 சதவீதக் கழிவு கொடுத்தபின் வரும் 227.50 ரூபாயில் கணக்கிட்டால் சுமார் 18 ரூபாய். அட்டை விலையின்மேல், விற்ற படிகளுக்கு என்று வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஆசிரியரும் எளிதில் சரிபார்க்கலாம், உங்களுக்கும் ஒவ்வொரு கடையின் கழிவையும் விளக்கிக்கொண்டிருக்கும் வேலை இருக்காது.

முன்பணம் 10,000 ரூபாய் என்று வைப்போம். இது ராயல்டியில் கழித்துக்கொள்ளத்தக்க முன்பணம் என்றும், திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் எழுத வேண்டும். படிக்கு 28 ரூபாய் என்றால் 357 படிகள் விற்கும்வரை முன்பணமே ஈடுகட்டும். அதன்பின் விற்பவற்றுக்குப் புதிதாகப் பணம் அனுப்ப வேண்டும். ஆசிரியர் பிரதிகள், மதிப்புரைப் பிரதிகள், சேதமானவை ஆகியவற்றுக்கு ராயல்டி இல்லை என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

வரி விஷயத்தை இந்தக் கட்டத்திலேயே தணிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள். ராயல்டியில் வருமான வரிப் பிடித்தம் உங்களுக்குப் பொருந்துமா என்பது பதிப்பகத்தின் அமைப்பையும் ஆண்டு விற்பனையையும் பொறுத்தது. எழுத்தாளருக்குத் தரும் ராயல்டிக்கு ஜிஎஸ்டியில் ரிவர்ஸ் சார்ஜ் என்ற முறையும் இருக்கிறது. அதில் வரியைச் செலுத்தும் பொறுப்பு பதிப்பகத்துடையது. மூல ஆசிரியர் வெளிநாட்டில் இருந்தால் பணம் அனுப்புவதற்கு முன்பே வரிப் பிடித்தமும் வங்கிப் படிவங்களும் உண்டு.

3. மொழிபெயர்ப்பாளருடன் தனி ஒப்பந்தம்

மொழிபெயர்ப்பும் சட்டத்தின் பார்வையில் ஒரு படைப்புதான். அதன் பதிப்புரிமை மொழிபெயர்ப்பாளருடையது. நீங்கள் பணம் கொடுத்தீர்கள் என்பதாலேயே அது உங்களுக்கு வந்துவிடாது. மூல ஆசிரியரிடம் வாங்கிய காலத்துக்கும் நிலப்பரப்புக்கும் குறையாத உரிமையை இவரிடமும் எழுத்தில் பெற வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு முன் நாவலின் நடுவிலிருந்து பத்துப் பக்கம் மாதிரி கேளுங்கள்; அதற்கும் பணம் கொடுங்கள். தொடக்கப் பக்கங்களைக் கேட்காமல் நடுப் பக்கங்களைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உரையாடலும் வட்டார வழக்கும் நெருங்கி வரும் பக்கங்களில்தான் மொழிபெயர்ப்பின் தரம் தெரியும். மலையாளத்திலிருந்து வரும்போது இரு மொழிக்கும் பொதுவான சொற்கள் வேறு பொருளோடு அப்படியே தமிழுக்குள் நுழைந்துவிடுவதும் அங்கேதான் அகப்படும். மாதிரியில் அது நிறைய இருந்தால் செம்மையாக்கச் செலவு இரட்டிப்பாகும் என்று அர்த்தம்.

எடுத்துக்காட்டில் மொழிபெயர்ப்பாளருக்கு முதல் அச்சுக்கு 40,000 ரூபாயும், இரண்டாம் அச்சு முதல் அட்டை விலையில் 5 சதவீத ராயல்டியும் என்று வைக்கிறேன். தொகையை மூன்றாகப் பிரியுங்கள்: கையெழுத்திடும்போது 10,000, முழு வரைவும் வந்ததும் 15,000, செம்மையாக்கியவரின் கேள்விகளுக்கு விடை தந்து இறுதி வடிவம் கொடுத்ததும் 15,000. "நூல் வெளிவந்ததும் தருகிறோம்" என்று எழுதுவது நியாயமல்ல. உங்கள் பணமுடையால் நூல் ஓராண்டு தள்ளிப்போனால், வேலையை முடித்துக் கொடுத்தவர் ஏன் காத்திருக்க வேண்டும்? பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்தத் தொகையாக இருக்கிறது. அப்படி வெட்டினால் அந்தச் செலவு செம்மையாக்கத்தில் திரும்பி வரும், அல்லது நூலின் பக்கங்களில் பிழையாக நிற்கும்.

4. அச்சுக்கு முந்தைய செலவுகளைத் தனியாக எழுதுங்கள்

மொழிபெயர்ப்பு 40,000. மூலத்தோடு வரிவரியாக ஒப்புநோக்கிச் செம்மையாக்குபவருக்கு 12,000. இரண்டு சுற்று மெய்ப்புக்கு 5,000. பக்க வடிவமைப்புக்குப் பக்கம் 25 ரூபாய் வீதம் 6,400. அட்டை வடிவமைப்புக்கு 5,000. முத்திரைத்தாள், அஞ்சல், நகல் போன்றவற்றுக்கு 1,600. மொத்தம் 70,000 ரூபாய். நீங்கள் நூறு படி அச்சிட்டாலும் ஆயிரம் அச்சிட்டாலும் இந்தத் தொகை மாறாது.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கட்டணம் இல்லை, isbn.gov.in தளத்தில் பதிந்து ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையிடம் பெறலாம். புதிய பதிப்பகத்துக்கு முதல் முறை காலதாமதம் ஆகக்கூடும் என்பதால், மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

5. அச்சக விலைப்புள்ளியைப் படிக்கும் முறை

டெமி 1/8 நூலில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 256 பக்கம் என்றால் சரியாக 16 ஃபாரம். வடிவமைப்பு முடிந்து 260 பக்கம் வந்தால், மிஞ்சும் 4 பக்கத்துக்காகத் தாளும் பிளேட்டும் தனியாக ஓட வேண்டும். பைண்டிங்கிலும் கூடுதல் வேலை. வடிவமைப்பாளரிடம் ஃபாரம் கணக்கை முதலிலேயே சொல்லிவிட்டால், ஓர் அத்தியாயத்தின் இறுதியில் தொங்கும் இரண்டு வரிகளை மேலே இழுத்தே இந்தச் செலவைத் தவிர்த்துவிடுவார்.

விலைப்புள்ளி கேட்கும்போது இவ்வளவும் எழுத்தில் இருக்கட்டும்: 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, உள்பக்கம் ஒற்றை வண்ணம், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு நான்கு வண்ணம், மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங், 500 படிகள், ஜிஎஸ்டியும் வண்டிக்கூலியும் சேர்த்து. வரியைச் சேர்த்துக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதனால் அச்சகத்துக்கும் தாளுக்கும் நீங்கள் கட்டிய வரியை எங்கும் கழித்துக்கொள்ள முடியாது. அது முழுக்க உங்கள் செலவு. வரி தனி என்று சின்ன எழுத்தில் இருக்கும் விலைப்புள்ளி மலிவாகத் தோன்றும், பில் வரும்போதுதான் உண்மை தெரியும்.

நூல் வந்து இறங்கியதும் ஒரு படியைத் தராசில் வையுங்கள். இந்த அளவில் 256 பக்க நூல் 70 ஜிஎஸ்எம் தாளில் சுமார் 290 கிராம் இருக்கும். 250 கிராம் அளவில் நின்றால் 60 ஜிஎஸ்எம் தாள் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு ஒருமுறை அப்படி வந்தது. விரலால் தடவிப் பார்த்தபோது தெரியாத வித்தியாசம் தராசில் தெரிந்தது. தாளின் விவரம் விலைப்புள்ளியில் எழுத்தில் இருந்ததால்தான் பில்லில் குறைக்கச் செய்ய முடிந்தது. பைண்டிங்குக்கும் ஒரு சோதனை உண்டு: நூலை நடுவில் முழுதாகத் திறந்து மேசையில் அழுத்துங்கள். முதுகுப்பசை விரிசல் விட்டால் ஓரிரு மாதத்தில் பக்கங்கள் உதிரும்.

500 படிகளுக்குப் படி ஒன்று 80 ரூபாய் வீதம் 40,000 என்று வைக்கிறேன். ஆக, விற்பனை தொடங்கும் முன் கையிலிருந்து போயிருப்பது: முன்தயாரிப்பு 70,000, அச்சு 40,000, ஆசிரியர் முன்பணம் 10,000. மொத்தம் 1,20,000 ரூபாய்.

6. விற்பனைக் கணக்கு

500 படிகளில் 50ஐ முதலிலேயே கழித்துவிடுங்கள். ஆசிரியருக்கு 10, மொழிபெயர்ப்பாளருக்கு 15, மதிப்புரைக்கும் அறிமுகத்துக்கும் 11, சேதத்துக்கு 10. மீதி 4, சட்டப்படி அனுப்ப வேண்டியவை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு வெளியான 30 நாளுக்குள் உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். விற்பனைக்கு இருப்பது 450.

அட்டை விலை 350 ரூபாய். மூன்று வழிகளில் விற்கிறோம் என்று கொள்வோம். புத்தகக் காட்சியில் வாசகருக்கு 10 சதவீதம் தள்ளுபடி போக 315 கிடைக்கும். அரங்க வாடகை, ஆள்கூலி, பயணம் ஆகியவற்றில் இந்த நூலின் பங்காகப் படிக்கு 55 கழித்தால் 260. கடைகளுக்கு 35 சதவீதக் கழிவும் பார்சல் செலவும் போக 220. தொலைபேசியிலும் இணையத்திலும் நேரடியாக விற்றால், 315இல் அஞ்சலுக்கும் உறைக்கும் 45 போக 270. மூன்றிலும் ராயல்டி 28ஐக் கழித்தால் கையில் நிற்பது முறையே 232, 192, 242.

காட்சியில் 150, கடைகளில் 220, நேரடியாக 80 என 450ம் விற்றுவிட்டால் வருவது 34,800, 42,240, 19,360. மொத்தம் 96,400 ரூபாய். ராயல்டியை ஏற்கெனவே கழித்துவிட்டதால் இதை முன்தயாரிப்பும் அச்சும் சேர்ந்த 1,10,000 ரூபாயோடு ஒப்பிட வேண்டும். எல்லாப் படிகளும் விற்ற பிறகும் 13,600 ரூபாய் குறைகிறது.

இதைப் பார்த்ததும் மூன்று யோசனைகள் தோன்றும். ஒன்று, விலையை ஏற்றுவது. 400 ரூபாய் வைத்தால் இதே விற்பனையில் மயிரிழையில் கணக்கு நேராகிவிடும். ஆனால் பக்கத்து அரங்கில் இதே பருமனுள்ள நூல் 330க்கு இருக்கும்போது இதே விற்பனை நடக்குமா என்பதுதான் கேள்வி. அறிமுகமில்லாத ஆசிரியரின் நூலில் நான் அந்தத் துணிவைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு, ஆயிரம் அச்சிடுவது. படிக்கு 62 ரூபாயாகக் குறையும், மொத்தம் 62,000. அச்சகத்தில் எல்லோரும் சொல்லும் ஆலோசனை இதுதான். ஆனால் விற்பது 450ஓடு நின்றால் குறை 13,600இலிருந்து 35,600 ஆகிவிடும். வாடகை அறையில் ஐந்நூறு படிகள் வெள்ளிப்பூச்சிக்கு இரையாகக் கிடக்கும்.

மூன்று, 500 அச்சிட்டு, அவை விற்றபின் 300 படிகள் மறு அச்சு போடுவது. நான் சொல்வது இதைத்தான். டிஜிட்டல் அச்சில் 300 படிகளுக்குப் படி 90 ரூபாய் வீதம் 27,000 ஆகும். முதல் அச்சில் படிக்குச் சராசரியாக 214 ரூபாய் நின்றது; அதில் மொழிபெயர்ப்பாளர் ராயல்டி 17.50 போனால் சுமார் 196. பழைய குறை 13,600ஐயும் சேர்த்து 40,600 ரூபாயை மீட்க 207 படிகள் போல விற்றால் போதும். 290ம் விற்றால் 16,000 ரூபாய் அளவுக்கு மிஞ்சும். ஆயிரமாக அச்சிட்டிருந்தால் கூடுதல் 500க்கு 22,000தான். 5,000 ரூபாய் அதிகம் கொடுத்து 200 படி குறைவாகப் பெறுகிறோம். நூல் ஓடுமா என்று தெரிந்துகொண்ட பிறகு பணம் போடுவதற்கான விலை அது.

ஒப்பந்தத்தில் மறு அச்சு உரிமையும் 5 ஆண்டுக் காலமும் வேண்டும் என்று முதல் படியில் வற்புறுத்தியது இந்தக் கணக்குக்காகத்தான்.

7. பணம் எப்போது போகிறது, எப்போது வருகிறது

லாப நட்டக் கணக்கு நேராக இருந்தாலும் கையில் ரொக்கம் இல்லாமல் நூல்கள் நின்றுபோகின்றன. ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை இலக்காக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். டிசம்பர் நடுவில் நூல் கையில் வேண்டும். நவம்பரிலும் டிசம்பரிலும் அச்சகங்களும் பைண்டிங் கூடங்களும் நிரம்பி வழியும் என்பதால் அக்டோபர் இறுதிக்குள் கோப்பு அச்சுக்குப் போய்விட வேண்டும். அதற்கு முன் செம்மையாக்கமும் மெய்ப்பும் வடிவமைப்பும் மூன்று மாதம். அதற்கு முன் மொழிபெயர்ப்பு ஆறு மாதம். எனவே உரிமை ஒப்பந்தம் ஜனவரியிலேயே, அதாவது முந்தைய காட்சி நடக்கும்போதே, முடிந்திருக்க வேண்டும்.

ஜனவரி முதல் டிசம்பர் வரை பணம் போய்க்கொண்டே இருக்கும். காட்சிப் பணம் மட்டுமே உடனே வரும். கடைகள் விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில்தான் சிறிய பதிப்பகத்திடம் வாங்குவார்கள். மூன்று மாதம் என்று பேசியது ஆறு மாதமாவது வழக்கம். 220 படிகளின் பணம் ஆகஸ்ட்டில் வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பார்சலோடு டெலிவரி சலான் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் காகிதம் மட்டுமே பேசும். ஒரு கடைக்கு முதல் முறை 10 படிகளுக்கு மேல் அனுப்ப வேண்டாம். விற்காதவை திரும்பி வரும்போது அட்டை மடங்கி, விலைச்சீட்டு ஒட்டி, மறுவிற்பனைக்கு ஆகாத நிலையில் வரும்.

பொது நூலக ஆணையை வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள். கிடைத்தால் நல்லது, ஆனால் எப்போது வரும், எத்தனை படிகள், எந்த விலைக்கு என்பது உங்கள் கையில் இல்லை. மானியங்களுக்கும் இதே விதி. ஜெர்மன், பிரெஞ்சு போன்ற மொழிகளிலிருந்து கொண்டுவரும்போது அந்நாட்டுப் பண்பாட்டு நிறுவனங்கள் மொழிபெயர்ப்புச் செலவில் ஒரு பகுதியைத் தருவது உண்டு. ஆனால் நூல் வெளிவந்து படிகள் போய்ச் சேர்ந்த பிறகே பணம் வருவது வழக்கம் என்பதால், அதுவரை நீங்கள்தான் தாங்க வேண்டும்.

8. ராயல்டி அறிக்கையும் மறு அச்சு முடிவும்

மார்ச் 31இல் கணக்கை முடித்து, மே மாதத்துக்குள் ஆசிரியருக்கு ஒரு பக்க அறிக்கை அனுப்புங்கள்: அச்சிட்டவை, இலவசமாகப் போனவை, விற்றவை, கடைகளில் நிற்பவை, இருப்பு, கழித்த முன்பணம், தர வேண்டிய மீதி. பணம் எதுவும் தர வேண்டியிராத ஆண்டிலும் அனுப்புங்கள்.

கடைக்கு அனுப்பியதை விற்றதாக எழுதிவிடுவதுதான் இங்கே வரும் தவறு. அதனால் ராயல்டி கூடுதலாகப் போவது ஒரு புறம் இருக்க, கிடங்கு காலியானதைக் கண்டு மறு அச்சுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே கடைகளிலிருந்து எண்பது படிகள் திரும்பி வந்து சேரும் நிலையும் உண்டாகும். கிடங்கில் 60 படிகள் இருக்கும்போது, பெரிய கடைகள் ஐந்தாறில் நிற்கும் இருப்பைத் தொலைபேசியில் கேட்டுக் கூட்டுங்கள். அது 40க்குக் கீழே இருந்து, கடந்த மூன்று மாதத்தில் நேரடி விற்பனையும் நிற்காமல் நடந்திருந்தால் 300க்கு ஆணை கொடுக்கலாம். அதற்கு முன், முதல் அச்சில் வாசகர்கள் சுட்டிக்காட்டிய பிழைகளைத் திருத்தி, பக்க எண்ணிக்கை 256ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு கோப்பை அனுப்புங்கள்.